உங்கள் கதை மூன்றாவது ஓட்டக்காரியிடம் இருக்கிறது

ஐயா, வணக்கம். கல்லூரியில் படிக்கிறேன், கொஞ்ச நாளாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் கயல் என்ற கூச்ச சுபாவமுள்ள பெண் பள்ளி ரிலே அணியில் சேருகிறாள். குறுவட்டப் போட்டியில் அவள்தான் கடைசி ஆள். பேட்டன் கீழே விழுகிறது, எடுத்துக்கொண்டு ஓடி மூன்று பேரையும் தாண்டி ஜெயிக்கிறாள், அன்றிலிருந்து தைரியசாலி ஆகிவிடுகிறாள். படித்தவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு, ஆனா நம்ப முடியல" என்கிறார்கள். நான் ரிலே ஓடியதில்லை. எங்கே தப்பு என்று சொல்வீர்களா?

வணக்கம்மா. கதையை முழுக்கப் படித்தேன். பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது சிறுவர் இதழுக்கு வரும் கதைகளைத் திருத்திக் கொடுக்கிற ஆள் நான் என்பதால் உங்கள் கதையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். முதல் இரண்டு பக்கம் அருமை. வருகைப் பதிவின்போது கயல் "உள்ளேன் ஐயா" என்று சொல்வது கேட்காமல் ஆசிரியர் ஆப்சென்ட் போட்டுவிடுகிறார், அவளும் எழுந்து சொல்லாமல் அன்று முழுக்க ஆப்சென்டாகவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். கோளாறு மைதானத்துக்குப் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்தக் கீழே விழுந்த பேட்டன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 100 மீட்டரை 15 வினாடியில் ஓடினால் நல்ல ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒரு வினாடிக்கு ஆறரை, ஏழு மீட்டர். பேட்டன் விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே கிடக்காது, துள்ளி உருளும். நின்று, திரும்பி, குனிந்து, எடுத்து, மறுபடி வேகம் பிடிப்பதற்குள் மூன்று வினாடியாவது போய்விடும். அதற்குள் மற்றவர்கள் 20 மீட்டர் முன்னால் போயிருப்பார்கள். மிச்சமிருக்கும் 80 மீட்டரை அவர்கள் 12 வினாடியில் முடித்துவிடுவார்கள், கயல் அதே 12 வினாடியில் 100 மீட்டரை ஓடியாக வேண்டும். அவ்வளவு வேகமான பெண் என்றால் அவளை ஊரே அறிந்திருக்கும், பி.டி. சார் ஆறாம் வகுப்பிலேயே பிடித்துப் போட்டிருப்பார். உங்கள் கயல் அப்படிப்பட்டவள் இல்லையே. அப்புறம் இன்னொன்று, கொடுக்கிறவள் கையிலிருந்து நழுவினால் நழுவவிட்டவள்தான் எடுக்க வேண்டும், அடுத்த ஆள் குனிந்து எடுத்துக்கொண்டு ஓட முடியாது. உங்கள் கதையில் நழுவவிட்டது மூன்றாவது ஆள், எடுத்தது கயல். போட்டியில் அந்த இடத்திலேயே அணியை வெளியேற்றிவிடுவார்கள்.

சரி, கணக்கை விடுங்கள், விதியை ஒரு வரியில் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. கயல் ஜெயிக்கிறாள், அதனால் தைரியம் வருகிறது என்கிறீர்கள். ஜெயிப்பதற்கு முன்னாலேயே அவளுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்திருக்க வேண்டும், அது எங்கே என்று கதையில் தேடினால் இல்லை. கடைசி 100 மீட்டரில் தனியாக ஓடி எல்லாரையும் தாண்டுவது ரிலே கதையே இல்லை, 100 மீட்டர் ஓட்டக் கதைதான். ரிலேவில் மட்டும் நடக்கிற, வேறு எந்த ஓட்டத்திலும் நடக்காத காரியம் ஒன்று உண்டு. பேட்டன் கைமாறுவது. உங்கள் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதை அரை வரியில் தாண்டிவிட்டீர்கள்.

4x100 ஓட்டத்தில் வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. விதி எதுவும் தடுக்கவில்லை, ஆனால் பார்த்தால் வேகம் செத்துவிடும். மாற்றுப் பகுதி 30 மீட்டர் நீளம். முன்பு 20 மீட்டர்தான், அதற்கு முன்னால் ஓடத் தொடங்குவதற்கு மட்டும் 10 மீட்டர் தனியாக விட்டிருந்தார்கள், இப்போது சில வருடங்களாக இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். வாங்குகிறவள் இந்தப் பகுதியின் தொடக்கத்தில் நிற்பாள். அங்கிருந்து பின்பக்கமாக, அதாவது கொடுக்கிறவள் ஓடி வருகிற பக்கமாக, குதிகாலோடு விரல் ஒட்ட அடி வைத்து அளந்து தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். செக் மார்க் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 15 அடியிலிருந்து 20 அடிக்குள் வரும். மண் மைதானம் என்றால் குச்சியால் கீறிவிடுவார்கள், புல் என்றால் சுண்ணாம்புத் தூள். ஓடி வருகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டிய நொடியில் நிற்கிறவள் தலையை முன்னால் திருப்பி, பின்னால் யாருமே இல்லாத மாதிரி முழு வேகத்தில் ஓட வேண்டும். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். எங்கள் மைதானத்தில் "கை!" என்போம், சில பள்ளிகளில் வேறு சொல். சத்தம் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டி அப்படியே ஆடாமல் வைத்திருக்க வேண்டும். பேட்டன் வந்து உட்காரும். நல்ல அணியில் இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஜப்பான் ஆண்கள் அணி 37.60 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கியது. அன்றைக்கு அந்த நான்கு பேரில் ஒருவர்கூட 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியவர் கிடையாது. மாற்றத்தில் நேரத்தை விடாமல் பிடித்தார்கள். அதற்கு நேர் எதிராக, 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் சுற்றிலேயே பேட்டனை நழுவவிட்டு வெளியே போயின. அவ்வளவு வேகக்காரர்கள், கடைசி மாற்றத்தில் கோட்டைவிட்டார்கள். ஆக, சுமாராக ஓடுகிற கயல் ஒரு அணிக்கு உண்மையிலேயே தேவைப்படலாம் என்பதை வாசகரை நம்ப வைக்க முடியும், அதற்கு அவளை மின்னலாக்க வேண்டியதில்லை.

அதனால் அவளைக் கடைசி ஆளாக வைக்காதீர்கள், மூன்றாவது ஆளாக்குங்கள். கடைசி ஆள் வாங்க மட்டும் செய்வாள், முதல் ஆள் கொடுக்க மட்டும் செய்வாள், நடுவில் உள்ள இரண்டு பேர்தான் வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். மூன்றாவது ஆளுக்கு வளைவு. வலது கையில் வாங்கி, தன் பாதையின் உள்பக்கக் கோட்டை ஒட்டி வளைந்து ஓடி, நான்காவது ஆளின் இடது கையில் கொடுப்பாள். நீங்கள் 400 மீட்டர் வட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் மூன்றாவது ஆள் நிற்கிற மூலை பந்தலுக்கும் கூட்டத்துக்கும் ரொம்பத் தள்ளி இருக்கும். தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் ஒரே பக்கம், கூட்டமெல்லாம் அங்கேதான், இந்த மூலையில் கொடி பிடித்த நடுவர் ஒருவர், மற்ற பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான். கூச்சப்படுகிற பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்த இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதோடு, ஒவ்வொரு பாதைக்கும் தொடங்குகிற கோடு முன்பின்னாக இருப்பதால் வளைவு முடிகிற வரை யார் முன்னால் போகிறார்கள் என்று ஓடுகிறவளுக்கே தெரியாது. "மூன்று பேரைத் தாண்டினாள்" என்று எழுத வழியே இல்லை. நல்லதாகப் போயிற்று என்பேன், ஏனென்றால் அப்போது அவள் கண்ணுக்குத் தெரிவது தூரத்தில் நிற்கிற நான்காவது ஆளின் முதுகு மட்டும்தான்.

அந்த நான்காவது ஆள்தான் உங்களுக்கு வேண்டிய இன்னொரு பாத்திரம். பத்தாம் வகுப்பு அக்கா, பெயர் பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். அணியில் வேகமானவள், போன வருடமும் ஓடியவள். போன வருடம் அவளுக்கு பேட்டன் கொடுத்த தோழி பள்ளி மாறிப் போய்விட்டாள், அந்த இடத்துக்குத்தான் கயல் வருகிறாள். இப்போது நடக்கிறதை ஒரு பிரச்சினையாகச் சொல்கிறேன், பயிற்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த பிரச்சினைதான் இது.

செக் மார்க் 17 அடியில் போட்டிருக்கிறார்கள். கயல் துரத்துகிறாள், எட்டவே முடியவில்லை, 30 மீட்டர் முடிந்துவிடுகிறது. சார் பார்க்கிறார், கோடு தூரமாக இருக்கிறது, பவித்ரா சீக்கிரம் கிளம்புகிறாள், சரி இரண்டு அடி குறைப்போம் என்று 15 ஆக்குகிறார். சரியான வைத்தியம்தான், எட்ட முடியாவிட்டால் கோட்டைக் கிட்டே கொண்டுவர வேண்டும், மேலே வந்து மோதினால் தள்ளிப் போட வேண்டும். மறுநாள் கயல் போய் பவித்ராவின் குதிகாலை மிதிக்கிறாள், இரண்டு பேரும் உருண்டு முழங்கை சிராய்க்கிறது. அதற்கு அடுத்த நாள் மறுபடி எட்டவில்லை. பவித்ரா சலித்துக்கொள்கிறாள்: "சார், இவ ஒரு நாள் வேகமா வர்றா, ஒரு நாள் மெதுவா வர்றா." எல்லாரும் கயலைப் பார்க்கிறார்கள். கயல் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

உண்மை என்னவென்றால், கோடு தப்பாக இருந்தால் தப்பு எப்போதும் ஒரே பக்கமாக நடக்கும். ஒன்று தினமும் எட்டாது, இல்லை தினமும் மோதும். ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கோட்டை அல்ல, கிளம்புகிறவளை. பவித்ரா கோட்டைப் பார்த்துக் கிளம்பவில்லை, கயலைப் பார்த்துக் கிளம்புகிறாள். புது ஆள், வந்து மோதிவிடுவாளோ என்ற பதற்றத்தில் கயல் கோட்டுக்கு வருவதற்கு மூன்று நாலு அடி முன்னாலேயே கால் எடுத்துவிடுகிறாள். மனசை அடக்கிக்கொண்டு கோடு வரை காத்திருக்கிற நாளில் 15 அடி போதாமல் மோதல். பவித்ராவுக்கு இது தெரியாது, அவள் தன் காலைத் தானே பார்க்க முடியாது. சார் நடு மைதானத்தில் நின்று நான்கு பேரையும் பார்க்கிறார், அந்தக் கோணத்தில் மூன்று நாலு அடி வித்தியாசம் பிடிபடாது. கோட்டையும் பவித்ராவின் காலையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தபடி ஓடி வருகிற ஒரே ஆள் கயல்.

புரிகிறதா, உங்கள் கதை இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று? வகுப்பில் தான் இருப்பதையே சொல்ல முடியாத பெண்ணுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அணி போட்டியில் நிச்சயம் கோட்டைவிடும், சொல்ல வேண்டியதோ தன்னைவிட மூத்த, வேகமான, தன்மேல் எரிச்சலில் இருக்கிற அக்காவிடம். அவள் அதைச் சொல்கிற காட்சிதான் உச்சம். நீளமாக எழுத வேண்டாம். உரையாடல் இப்படி இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"அக்கா, நான் கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க கிளம்பிடுறீங்க."

"யார் சொன்னா?"

"நான்தானே ஓடி வர்றேன். எனக்குத் தெரியுது."

இதைச் சொல்லும்போது கயல் பவித்ராவின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. கீறியிருக்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும், பெருவிரலால் அந்தக் கோட்டை நிரடிக்கொண்டே சொல்லட்டும். கூச்சப்படுகிற பிள்ளைகள் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது பேசிவிடுவார்கள், தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால்தான் தொண்டை அடைக்கும். நிரூபிக்கிற வழியும் எளிது. சார் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கோட்டை மறுபடி 17க்குத் தள்ளுகிறார், "அவ கோட்டைத் தாண்டுற வரைக்கும் நீ அசையாதே" என்று பவித்ராவிடம் சொல்கிறார், ஓடுகிறார்கள், பேட்டன் மாற்றுப் பகுதியின் பிற்பாதியில் சுத்தமாகக் கைமாறுகிறது. பவித்ரா மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்லட்டும்.

இதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு தேவை, இல்லாவிட்டால் இந்தக் காட்சியும் திடீரென்று வந்ததாகத் தெரியும். அதுதான் அந்தச் சத்தம். கயலுக்கு "கை!" என்று கத்த வராது. ஆரம்பத்தில் அவள் கிட்டே ஓடிப்போய் ஒன்றும் சொல்லாமல் பேட்டனால் பவித்ராவின் முழங்கையைத் தட்டுவாள், பவித்ராவுக்குக் கை நீட்ட வேண்டும் என்றே தெரியாது. இதற்குப் பள்ளிகளில் செய்கிற பழைய பயிற்சி ஒன்றிருக்கிறது. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக மெதுவாக ஓடிக்கொண்டே கடைசி ஆளிடமிருந்து முன்னால் உள்ளவருக்கு பேட்டனைக் கடத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொடுக்கிறவள் குரல் கொடுக்க வேண்டும். முதல் ஆளிடம் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடுவாள், மறுபடி தொடங்கும். காலையில் பிரேயருக்கு முன்னால் மைதானத்தை இரண்டு சுற்று இப்படி ஓடினால் ஒரு பெண் எத்தனையோ முறை "கை" என்று சொல்லியிருப்பாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எல்லாரும் முன்னால் பார்த்து ஓடுகிறார்கள், சொல் அவளுடையதும் இல்லை, நாலு பேரும் சொல்கிற சொல். அதனால்தான் வரும். முதல் நாள் உதட்டோடு நிற்கும், பத்து நாளில் மைதானத்து ஓரத்தில் நிற்கிற வேப்பமரம் வரை கேட்கும். இந்தப் பத்தியைக் கதையின் நடுவில் அவசரப்படாமல் எழுதுங்கள். வாங்குகிறவள் முதுகு, வியர்வையில் ஒட்டின சட்டை, கை நீளும்போது கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் விரிகிற இடைவெளி, அதற்குள் பேட்டன் கீழிருந்து மேலாகப் போய் உட்காருகிற அந்தச் சின்ன அறை. ரிலே ஓடாதவர் எழுதினது என்று யாருமே சொல்ல மாட்டார்கள்.

போட்டியைச் சுருக்கிவிடுங்கள், அரைப் பக்கம் போதும். ஜெயிக்க வேண்டுமா என்று கேட்டால், நான் இரண்டாவது இடம் கொடுப்பேன், நீங்கள் மூன்றாவதுகூடக் கொடுக்கலாம். ஆனால் ஒன்று, கயல் ஓடுகிற வேகத்தைப் போட்டியன்று கொஞ்சம் கூட்டுங்கள், படபடப்பில் பிள்ளைகள் பயிற்சியைவிட வேகமாகத்தான் வருவார்கள். பவித்ராவுக்கும் கால் துடிக்கும். கயல் வளைவில் வரும்போது கோட்டையும் அந்தக் காலையும் பார்க்கிறாள், கால் அசையவில்லை, அசையவில்லை, கோட்டைத் தாண்டின பிறகு கிளம்புகிறது. பவித்ரா திரும்பிப் பார்க்கவில்லை. வாசகர் மூச்சுவிடுகிற இடம் அதுதான், அதற்குப் பிறகு கடைசி 100 மீட்டரில் என்ன நடந்தாலும் கதைக்குப் பெரிதில்லை. கொடுத்து முடித்ததும் கயல் பாதையைவிட்டு விலகிவிடக் கூடாது, மற்றவர்கள் தாண்டிப்போகிற வரை தன் பாதையிலேயே நிற்க வேண்டும், குறுக்கே போனால் அணி வெளியே. நல்ல வசதி பாருங்கள், எல்லாரும் முடிகிற இடத்தை நோக்கி ஓட, இவள் தள்ளி நின்றபடி முடிவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடிவைப் பற்றி. மறுநாள் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்று அவள் உரக்கச் சொல்வதோடு முடிக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும், வேண்டாம். ஒரு போட்டியில் அது மாறாது, என் மாணவிகளில் ரிலேவில் குரல் கொடுத்தவர்கள் பலர் வகுப்பில் அதே பழைய குரலில்தான் இருந்தார்கள், அதில் தப்பும் இல்லை. மைதானத்தில் கிடைத்தது மைதானத்தில் தெரிந்தால் போதும். பதக்கம் வாங்கித் திரும்பின பிறகு அடுத்த திங்கட்கிழமைப் பயிற்சியில் பவித்ரா கோடு போட உட்கார்ந்து, சாரைக் கேட்காமல் கயலைக் கேட்கலாம்: "17 வச்சுக்கலாமா, 18 போடலாமா?" கயல் யோசித்துச் சொல்கிற பதிலோடு நிறுத்துங்கள். 18 என்றுதான் சொல்வாள் என்று நினைக்கிறேன், அவள் இப்போது முன்பைவிட வேகமாக வருகிறாள் அல்லவா, முன்னாலேயே கிளம்பினால்தான் மோதாது.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் எந்தப் பள்ளியிலாவது குறுவட்டப் போட்டிக்குப் பயிற்சி நடந்தால் அங்குள்ள உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு காலையில் போய்ப் பாருங்கள். முடிகிற இடத்தில் நிற்காதீர்கள், மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் மாற்றிக்கொள்கிற இடத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வாங்குகிறவள் காலை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் யார் கோட்டைப் பார்த்துக் கிளம்புகிறாள், யார் ஆளைப் பார்த்துக் கிளம்புகிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திருத்தி எழுதினதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.